தமிழ்க் கட்டுரை விடையைச் சரிபார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதி முடித்ததும் எதை முதலில் பார்ப்பது, எழுத்துப் பிழையையா கருத்தையா?

தலைப்பை முதலிலும், வாக்கியங்களை அடுத்தும், எழுத்துகளைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு பத்தியில் உள்ள ல, ள, ழ அனைத்தையும் பொறுமையாகத் திருத்திய பிறகு, அந்தப் பத்தியே கேட்ட தலைப்புக்கு உரியதன்று என்று கண்டுபிடித்தால் அந்த உழைப்பு வீணாகிவிடும். அதேபோல, எழுத்தைத் திருத்திய பின் வாக்கியத்தை உடைத்து எழுதினால், புதிதாக எழுதிய சொற்களில் புதிய பிழைகள் நுழைந்துவிடும்; அவற்றை மறுபடியும் பார்க்க நேரம் இருக்காது. எனவே எது நீக்கப்படலாமோ அதை முதலில் முடிவு செய்து, நிலைத்து நிற்கப்போகும் சொற்களில் மட்டும் எழுத்துப் பிழை தேடுவதே முறை.

ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு காட்ட முடியுமா?

"மழைநீரைச் சேமிப்பதில் மாணவர்களின் பங்கு" என்பது தலைப்பு என்று கொள்வோம். மாணவர்கள் எழுதும் விடைகளில் வழக்கமாகக் காணப்படும் பிழைகளை ஒன்றாகச் சேர்த்து, இந்தப் பக்கத்துக்காக எழுதிய பத்தி இது:

> மழைநீர் இயற்கை நமக்கு அழித்த கொடை. முற்காலத்தில் மன்னர்கள் ஏறிகளும் குளங்களும் வெட்டி மக்களைக் காத்தனர். இன்று அந்தக் குளங்கள் வரண்டுவிட்டது. கூரையில் விழும் நீரைக் குழாய் வழியாகத் தொட்டியில் சேர்த்து வடிகட்டி அது நிலத்தடி நீராகி கிணறுகள் நிரம்பி மக்கள் தன்னீர் பற்றாக்குறையிலிருந்து விடுபட வேண்டும். எனவே மரம் வழர்ப்போம். இதற்க்கு அனைவரும் முயற்ச்சி செய்ய வேண்டும்.

அடுத்து வரும் விடைகள் பலவற்றிலும் இந்தப் பத்தியே பேசப்படுகிறது. மேலே படிப்பதற்கு முன், இதில் எத்தனை பிழைகள் உங்கள் கண்ணில் படுகின்றன என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்புக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் எழுதியது எல்லாமே பொருத்தமாகத்தான் தோன்றுகிறது.

எழுதியவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆகையால் தோற்றத்தை நம்பாமல் தலைப்பைச் சொற்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் தலைப்பில் மழைநீர், சேமித்தல், மாணவர், பங்கு என நான்கு சொற்கள் உள்ளன. இவற்றில் முதல் இரண்டும் பேச வேண்டிய களத்தைச் சொல்கின்றன. யாரைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை மூன்றாவது சொல் வரையறுக்கிறது. நான்காவது சொல்லான "பங்கு" என்பதே கேள்வியின் உயிர். மாணவர் என்ன செய்ய முடியும், என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது.

இப்போது பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அது இந்த நான்கில் எந்தச் சொல்லைத் தொடுகிறது என்று குறியுங்கள். முதல் வாக்கியம் மழைநீரைத் தொடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் குளங்களைப் பற்றியவை. சேமித்தலோடு தொலைவான உறவு உண்டு. நான்காவது வாக்கியம் சேமிக்கும் முறையைச் சொல்கிறது, ஆனால் அதைச் செய்பவர்கள் "மக்கள்". ஐந்தாவது மரம் வளர்ப்பது பற்றியது. ஆறாவதில் "அனைவரும்" வருகிறார்கள். ஆறு வாக்கியங்களில் ஒன்றில்கூட "மாணவர்" என்ற சொல் இல்லை. கேள்வியின் பாதி தொடப்படவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு; நான் அதையே அதிகம் நம்புகிறேன். பத்தியின் தலைப்பை மறைத்துவிட்டு, அதன் மேல் வேறொரு தலைப்பை வைத்துப் பாருங்கள். "நீரின் பெருமை" என்றோ "நீர்வளம் காப்போம்" என்றோ வைத்தாலும் மேலே உள்ள பத்தி ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்துகிறது. அப்படிப் பொருந்துகிற பத்தி, கேட்கப்பட்ட தலைப்புக்காக எழுதப்பட்டதன்று. மனப்பாடம் செய்த நீர்க் கட்டுரை ஒன்று தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தாளைத் திருத்துபவர் அதே பத்தியை அன்று பல தாள்களில் படித்திருப்பார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

முன்னுரையில் கொஞ்சம் பொதுவாக எழுதினால் தவறா?

தவறில்லை. நீரின் பெருமையைச் சொல்லும் குறளோடு தொடங்குவதிலும் குற்றம் இல்லை. ஆனால் முன்னுரையின் கடைசி வாக்கியம் தலைப்பின் முக்கியச் சொல்லுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். நீரின் பெருமையில் தொடங்கி, சேமிப்பின் தேவைக்கு வந்து, "அந்தச் சேமிப்பில் மாணவர்கள் ஆற்றக்கூடிய பணிகள் எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்" என்று முடிந்தால் முன்னுரை தன் வேலையைச் செய்துவிட்டது. சுற்றி வளைத்த பிறகும் தலைப்புக்கு வராமல் உள்தலைப்புக்குத் தாவினால், அடுத்த பத்தியும் பொதுவாகவே போகும். பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது.

மன்னர்கள் ஏரி வெட்டிய செய்தி இங்கே தேவையா என்பதும் இந்த அளவுகோலின்படியே முடிவாக வேண்டும். செய்தி உண்மையானதாக இருப்பது மட்டும் போதாது. அதிலிருந்து மாணவரின் பங்குக்கு ஒரே வாக்கியத்தில் வர முடிந்தால் வைத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் அடித்துவிடலாம். என் கருத்தில் இந்தப் பத்தியில் அது நீக்க வேண்டிய வாக்கியமே.

வாக்கியம் தடுமாறுகிறது என்று தெரிகிறது. ஆனால் எங்கே தவறு என்று பிடிபடவில்லை.

நான்காவது வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அது நீளமாக இருப்பதால் தடுமாறுகிறது என்று பலர் சொல்வார்கள். நீளம் ஒரு குற்றமன்று. எச்சங்களை அடுக்கி நீண்ட வாக்கியத்தை இயல்பாக எழுத இடம் தரும் மொழி தமிழ். தவறு வேறிடத்தில் இருக்கிறது. வாக்கியத்தில் உள்ள வினைகளை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் செய்வது யார் அல்லது எது என்று அருகில் குறித்தால் அது வெளிப்பட்டுவிடும்.

"சேர்த்து", "வடிகட்டி" ஆகிய இரண்டையும் செய்பவர்கள் மக்கள். "நீராகி" என்பதற்கு எழுவாய் "அது". "நிரம்பி" என்பதற்கு எழுவாய் கிணறுகள். "விடுபட வேண்டும்" என்னும்போது மீண்டும் மக்கள் வருகிறார்கள். ஒரே வாக்கியத்துக்குள் எழுவாய் மூன்று முறை மாறுகிறது. ஆனால் எல்லா வினைகளும் "செய்து" என்ற ஒரே வகை எச்சத்தால் கோக்கப்பட்டிருக்கின்றன. இந்த எச்சம் வரும்போது, முடிக்கும் வினையைச் செய்பவரே எச்ச வினையையும் செய்கிறார் என்றுதான் படிப்பவர் மனம் எதிர்பார்க்கும். "அவன் குளித்து உண்டு உறங்கினான்" என்பதில் மூன்றையும் செய்தவன் ஒருவனே. அந்த எதிர்பார்ப்பு உடையும் இடத்தில்தான் படிப்பவர் தடுக்கி விழுகிறார்.

"மழை பெய்து நெல் விளைந்தது" என்று சொல்கிறோமே என்று கேட்கலாம். ஒன்றன் விளைவாக மற்றொன்று தானாக நிகழும் இடங்களில் எழுவாய் மாறுவதை மரபு ஏற்கிறது. மனிதரின் செயலும் இயற்கை நிகழ்வும் மாறி மாறி வரும் சங்கிலிக்கு அந்தச் சலுகையை நீட்ட முடியாது. திருத்தம் எளிது, எழுவாய் மாறும் இடத்தில் வாக்கியத்தை முடித்து, அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வேண்டும்:

> கூரையில் விழும் நீரைக் குழாய் வழியாகத் தொட்டியில் சேர்த்து வடிகட்ட வேண்டும். அவ்வாறு வடிகட்டிய நீர் நிலத்துக்குள் இறங்கினால் கிணறுகளில் நீர்மட்டம் உயரும். தண்ணீர்ப் பற்றாக்குறையும் தணியும்.

முதல் வாக்கியத்தைச் செய்பவர் மனிதர். இரண்டாவதில் நீர் இறங்குகிறது, மட்டம் உயர்கிறது. மூன்றாவதில் பற்றாக்குறை தணிகிறது. எழுவாய் மாறும் இடத்தில் "இறங்கினால்" என்ற நிபந்தனை எச்சம் வந்திருப்பதைக் கவனியுங்கள். "செய்தால்", "செய்யும்போது", "செய்ததால்" போன்ற வடிவங்கள் எழுவாய் மாற்றத்தைத் தாங்கும்.

எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை என்று குறிப்பு எழுதுகிறார்கள். அதை விரைவாகக் கண்டுபிடிக்க வழி உண்டா?

எழுவாயையும் கடைசி வினையையும் மட்டும் சேர்த்து, நடுவில் உள்ளதை விட்டுவிட்டுப் படியுங்கள். "குளங்கள் வறண்டுவிட்டது" என்று காதில் விழுந்ததும் பிழை தெரியும். "வறண்டுவிட்டன" என்று வர வேண்டும். பேச்சில் அஃறிணைப் பன்மை வினையை நாம் பெரும்பாலும் ஒருமையிலேயே முடிப்பதால் இந்தப் பிழை எழுத்திலும் நுழைகிறது.

"ஒவ்வொரு" என்ற சொல் வரும் இடத்திலும் நிற்க வேண்டும். "போட்டியில் கலந்துகொண்ட ஒவ்வொரு மாணவரும் பரிசு பெற்றனர்" என்பது தவறு. "பெற்றார்" என்பதே சரி. இதோடு, யார் பேசுகிறார் என்பதும் ஒரே சீராக இருக்க வேண்டும். நம் பத்தியில் "மக்கள்" என்று படர்க்கையில் போய்க்கொண்டிருந்த பேச்சு, "வளர்ப்போம்" என்று திடீரெனத் தன்மைக்கு மாறுகிறது. இலக்கணப் பிழை என்று இதைச் சொல்ல முடியாது. என்றாலும் ஓட்டம் இங்கே அறுந்துவிடுகிறது.

எனவே, ஆகவே, ஆனால் போன்றவற்றைப் போட்டால் ஓட்டம் வந்துவிடும் என்கிறார்களே?

அவை ஓட்டத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் உறவைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றன, அவ்வளவுதான். "எனவே" என்ற சொல்லை எடுத்துவிட்டு, முந்தைய வாக்கியத்தின் இறுதியில் "ஆதலால்" என்று சேர்த்துப் பாருங்கள். "மக்கள் தண்ணீர்ப் பற்றாக்குறையிலிருந்து விடுபட வேண்டும் ஆதலால் மரம் வளர்ப்போம்" என்று வருகிறது. கூரைநீர், தொட்டி, கிணறு என்று போன பேச்சுக்கும் மரத்துக்கும் இடையில் எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை. மரம் மழைக்கு உதவும் என்று விளக்கி இணைக்கலாம். ஆனால் தலைப்பு சேமிப்பைப் பற்றியதாக இருப்பதால், அந்த வாக்கியத்தையே விட்டுவிடுவது நல்லது. பொருந்தாத "எனவே" பெரும்பாலும் பொருந்தாத கருத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ல, ள, ழ மூன்றும் என் வாயில் ஒரே மாதிரிதான் வருகின்றன. ஒலித்துப் பார் என்று சொல்வது எனக்கு உதவவில்லை.

ஒலிப்பு வேறுபாடு உண்மையில் தெளிவானது. லகரத்துக்கு நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நா வளைந்து மேல் அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதே போல வளைந்தும், அழுத்தித் தொடாமல் வருடிச் செல்லும். ஆனால் பழக்கத்தில் இல்லாதவருக்குத் தேர்வு நேரத்தில் இது கைகொடுக்காது என்பது உண்மைதான். அவர்கள் காதை விட்டுவிட்டு, சொல் வேறு சொல்லோடு சேரும்போதும் காலம் காட்டும்போதும் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்கலாம்.

லகர மெய்யில் முடியும் சொல் மாறினால் ற் அல்லது ன் ஆகும்: கடல் என்பது கடற்கரை ஆகிறது, செல் என்பது சென்றான் ஆகிறது. ளகர மெய் மாறினால் ட் அல்லது ண் ஆகும்: முள் முட்செடி ஆகிறது, கேள் கேட்டான் ஆகிறது, கொள் கொண்டான் ஆகிறது. ழகர மெய் பெரும்பாலும் மாறாமல் நிற்கும்: வாழ்ந்தான், தாழ்ந்தது, தமிழ்ச்சங்கம். "பொருல்" என்றா "பொருள்" என்றா எழுதுவது என்ற ஐயம் வந்தால், "பொருட்கள்", "பொருட்செலவு" என்ற வடிவங்களை நினைத்தால் போதும்; ட் வருவதால் அது ளகரம். "முயல்கிறான்" என்பதில் எந்த எழுத்து? "முயன்றான்", "முயற்சி" என்று வருவதால் லகரம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மெய்யில் முடியும் சொற்களுக்கு இது பொருந்தும். "அளி", "அழி" போன்று உயிரில் முடியும் சொற்களில் இது பேசாது. அங்கே பொருளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஐயமுள்ள சொல்லை எடுத்துவிட்டு, ஐயமில்லாத ஒரு சொல்லை அந்த இடத்தில் வையுங்கள். "இயற்கை நமக்குக் கொடுத்த கொடை" என்பது பொருந்துகிறது, ஆகவே "அளித்த". "இயற்கை நமக்கு நாசமாக்கிய கொடை" பொருந்தவில்லை. ஆகவே "அழித்த" அன்று. பத்தியின் முதல் வாக்கியமே தான் சொல்ல வந்ததற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருப்பது இப்போது தெரியும். "வழர்ப்போம்" என்பது வேறு வகை. அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை; வளம், வளமை, வளர்ச்சி ஆகிய குடும்பத்தோடு சேர்த்து நினைவில் வைத்தால் மறக்காது.

ண, ன, ந எங்கெங்கே வரும்?

இதுதான் மூன்று கூட்டங்களிலும் எளிதானது. சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே. ணகரமும் னகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. நடுவில், வல்லின எழுத்தை ஒட்டி வரும்போது, ஒவ்வொன்றுக்கும் தன் இனம் உண்டு: டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந். கண்டான், கன்று, கந்தல் என்று எழுதிப் பார்த்தால் கையே பழகிவிடும். வேறு எழுத்துகளோடு வரும் இடங்களில் மேலே சொன்ன புணர்ச்சிச் சோதனை இங்கும் உதவும்: மண் மட்குடம் ஆகிறது, பொன் பொற்குடம் ஆகிறது.

சிக்கல் வருவது "ந" நடுவில் வரும் சொற்களில்தான். நகரத்தில் தொடங்கும் சொல் பின்னால் வந்து சேரும்போது, முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்து அது மூன்று வடிவம் எடுக்கிறது. "நீர்" என்ற ஒரே சொல்லில் மூன்றையும் பார்க்கலாம். தண்மை தரும் தண் என்பதோடு நீர் சேர்ந்தால் தண்ணீர். பனிநீர் என்பது திரிந்து பன்னீர். வெம்மையோடு சேர்ந்தால் வெந்நீர். மூன்று நீருக்கும் மூன்று எழுத்து. பத்தியில் உள்ள "தன்னீர்" பிழை. அதைவிட அதிகமாகக் காண்பது "வென்னீர்". இதே வழியில் மூன்று, நூறு ஆகியவை சேரும்போது முந்நூறு என்றே வரும். "முன்னூறு" என்பது பிழை. முன்பு இருந்தவர் முன்னாள் தலைவர். மூன்று நாள் நடந்தது முந்நாள் விழா.

ர, ற குழப்பத்துக்கும் இப்படிச் சோதனை உண்டா?

உண்டு. "று" என்று முடியும் சொல் பெரும்பாலும் எங்காவது "ற்ற" என்று இரட்டிக்கும்: ஆறு ஆற்றங்கரை ஆகும், மாறு மாற்றம் ஆகும், ஏறு ஏற்றம் ஆகும். "ரு" அப்படி இரட்டிக்காது. மலையில் ஏறினான் என்பதற்கு வல்லின றகரம் என்பதற்கு "ஏற்றம்" சான்று. நீர் தேங்கும் ஏரிக்கு அப்படி ஒரு வடிவமே இல்லை. அது இடையின ரகரம். "வறண்டு" என்பதை "வற்றிய குளம்" என்பதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். வறுமையும் அந்த வரிசையில் சேரும்.

சில சொற்கள் இரண்டு வகையாகவும் வழக்கில் இருக்கின்றன. கருப்பு, கறுப்பு இரண்டும் எழுதப்படுகின்றன. பவளம், பவழம் இரண்டும் உண்டு. இவற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு கட்டுரை முழுவதும் அதையே எழுதினால் போதும்.

"முயற்ச்சி" என்று எழுதினால் ஏன் தவறு? "வளர்ச்சி" என்பதில் ச் வருகிறதே?

வல்லின மெய்களான ட், ற் ஆகியவற்றை அடுத்து இன்னொரு மெய் வராது, உயிர்மெய்தான் வரும். ஆகவே முயற்சி, பயிற்சி, சுழற்சி, காட்சி, வறட்சி என்று ஒரே சகரத்தோடு எழுத வேண்டும். இதற்கு, அதற்கு என்பவற்றிலும் நடுவில் க் வராது. ய், ர், ழ் ஆகிய இடையின மெய்களுக்குப் பின் இன்னொரு மெய் வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, தேர்ச்சி, வாழ்க்கை. வேர்ச்சொல்லைப் பார்த்தாலும் காரணம் தெரியும். முயல், பயில், சுழல் ஆகியவற்றின் லகரம்தான் றகரமாக மாறி நிற்கிறது; வளர், தேர் என்பவற்றில் ரகரம் தன் இடத்திலேயே இருக்கிறது.

வல்லினம் மிகும் இடங்களையும் பார்க்க வேண்டுமா?

நேரம் இருந்தால் பார்க்கலாம். அது தனிப் பெரும் பாடம். கட்டுரையைச் சரிபார்க்கும் நேரத்தில் ஐயமற்ற இடங்களை மட்டும் பாருங்கள். ஐ, கு உருபுகளுக்குப் பின்னும் (நீரைச் சேமி, வீட்டுக்குச் சென்றான்), "ஆகி", "போய்" போன்ற எச்சங்களுக்குப் பின்னும் மிகும். நம் பத்தியில் "நீராகிக் கிணறுகள்" என்று இருந்திருக்க வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஊகித்து ஒற்றுப் போடுவதைவிட, இருப்பதை அப்படியே விடுவது பாதுகாப்பானது.

நான் எழுதியதை நானே படிக்கும்போது பிழை கண்ணில் படுவதே இல்லை.

பொருள் தெரிந்ததைப் படிக்கும்போது கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. சொல்லின் உருவத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டு ஓடுகிறது. ஓட்டத்தைத் தடுத்தால்தான் எழுத்து தெரியும். கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி, வாக்கியம் வாக்கியமாக மேல்நோக்கி வாருங்கள். ஒரு தாளால் மற்ற வரிகளை மறைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ல, ள, ழ உள்ள சொற்களை மட்டும் தொட்டுப் பாருங்கள். அடுத்த சுற்றில் ர, ற. அதற்கடுத்து ண, ன, ந. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் தேடினால் எதுவும் கிடைக்காது.

வாக்கிய ஓட்டத்துக்கு இது நேர்மாறு. அதை மேலிருந்து கீழாக, வாய்விட்டு, நிறுத்தாமல் படிக்க வேண்டும். எங்கே நீங்கள் திரும்பிப் போய் மறுபடி படிக்கிறீர்களோ அங்கே ஒரு கோடு போடுங்கள், திருத்தம் பிறகு.

கணினியில் எழுதினால் பிழைதிருத்தி பார்த்துக்கொள்ளாதா?

"வழர்ப்போம்", "முயற்ச்சி" போன்ற இல்லாத சொற்களை அது காட்டலாம். "அழித்த", "ஏறி" இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். தனிச்சொல்லை மட்டும் அகராதியோடு ஒப்பிடும் பிழைதிருத்திக்கு அவை சரியாகவே தெரியும். பொருளைக் கெடுக்கும் பிழைகள்தான் இப்படி மறைந்துகொள்கின்றன. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர்களுக்கு `l` என்றால் ல, `L` என்றால் ள என்று இருப்பதால், மேல்விசையை அழுத்த மறந்தாலே எழுத்து மாறிவிடும்; இது அறியாமையால் வரும் பிழை அன்று, ஆனால் படிப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

உருவத்தால் ஏமாற்றும் எழுத்துகளும் சில உண்டு. ரகரமும் துணைக்காலும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். "ஔ" என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவதும் நடக்கிறது. அச்சில் தெரியாவிட்டாலும், தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது.

தேர்வில் மிஞ்சுவது ஐந்து நிமிடம்தான். அதற்குள் என்ன செய்வது?

தலைப்புச் சோதனையை அந்த ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது. எழுதத் தொடங்கும் முன்பே தலைப்பின் முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடிட்டு, ஒவ்வோர் உள்தலைப்பிலும் அந்தச் சொல் அல்லது அதன் பொருள் வரும்படி அமைத்துவிட வேண்டும். "மழைநீரின் தேவை" என்பதற்குப் பதிலாக "பள்ளியில் மாணவர் செய்யக்கூடியவை", "வீட்டில் மாணவர் செய்யக்கூடியவை" என்று உள்தலைப்பு வைத்தாலே விலகிப்போக வழி குறைந்துவிடும்.

முழுவதும் எழுதிய பின்னரே விலகியது தெரிந்தால், பத்திகளை அடிக்க நேரம் இருக்காது. அப்போது ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும், அந்தப் பத்தியின் செய்தியை மாணவரோடு இணைக்கும் ஒரு வாக்கியம் சேர்க்கலாம். ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும்; ஆயினும் எதுவும் இல்லாததைவிட மேல். மீதி நேரத்தில் உள்தலைப்புகளையும், ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும், நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் சொற்களையும் மட்டும் பாருங்கள். அந்தச் சொற்களின் பட்டியல், முந்தைய விடைத்தாள்களில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டவையே. பெரும்பாலோருக்கு அது நீளமான பட்டியலாக இருப்பதில்லை. அதே சில சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

திருத்திய பிறகு அந்தப் பத்தி எப்படி இருக்கும்?

> மழைநீர் இயற்கை நமக்கு அளித்த கொடை. அதைத் தேக்கிவைத்த ஏரிகளும் குளங்களும் இன்று பல இடங்களில் வறண்டுவிட்டன. எனவே கூரையில் விழும் நீரைக் குழாய் வழியாகத் தொட்டியில் சேர்த்து, வடிகட்டி நிலத்துக்குள் செலுத்தும் அமைப்பு பள்ளிகளுக்குத் தேவைப்படுகிறது. அந்த அமைப்பைக் கட்டுவது பெரியவர்களின் பணி. அது பழுதாகாமல் பார்த்துக்கொள்வதில் மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மழைக்காலம் தொடங்கும் முன், ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, நீர் செல்லும் வழியில் கிடக்கும் சருகுகளை அகற்றலாம். குழாயின் வாயில் அடைப்பு இருந்தால் உடனே தெரிவிக்கலாம். வடிகட்டும் தொட்டியில் உள்ள கூழாங்கற்களை வெளியே எடுத்துக் கழுவி, மீண்டும் இடலாம்.

மன்னர்களும் மரமும் போய்விட்டார்கள். "எனவே" என்ற சொல் இருக்கிறது. இப்போது அதற்கு முன்னால் ஒரு காரணமும் இருக்கிறது. "அனைவரும் முயற்சி செய்ய வேண்டும்" என்ற வாக்கியம் இருந்த இடத்தில் மாணவர் செய்யக்கூடிய மூன்று வேலைகள் வந்திருக்கின்றன. இந்தப் பத்தியை "நீரின் பெருமை" என்ற தலைப்பின் கீழ் வைத்தால் பொருந்தாது.

இரண்டு எழுத்துகளில் எது சரி என்று கடைசிவரை தெரியாவிட்டால்?

அந்தச் சொல்லைத் தவிர்த்து, அதே பொருள் தரும் வேறு சொல்லை எழுதுங்கள். "அளித்த" என்பதில் ஐயம் இருந்தால் "தந்த" என்று எழுதலாம். "வறண்டுவிட்டன" என்பதில் ஐயம் இருந்தால் "நீரின்றிக் கிடக்கின்றன" என்று எழுதலாம். ஏற்கெனவே எழுதிய சொல்லின் மேலேயே இன்னோர் எழுத்தை எழுதி, இரண்டில் எது என்று திருத்துபவரே முடிவு செய்யட்டும் என்று விடுவது மட்டும் வேண்டாம். ஒரு கோடால் முழுச் சொல்லையும் அடித்து, அருகில் புதிதாக எழுதுங்கள்.